எலுமிச்சை தேய்த்த கை

ஆம்பூர்த் தோல் கொட்டகையின் முற்றத்தில் உச்சிவெயில் காய்கிறது. தோல் பதனிட இடித்த ஆவாரம்பட்டையின் தூள் வெளிச்சத்தில் மிதக்கிறது. அமிர்தவள்ளி உலக்கையை நிறுத்தி, கூட இடிக்கும் தேவகியிடம் மெல்லக் கேட்கிறாள்: "பத்து வருசமா தோஸ்தா இருக்கிற ஆதிகேசவனுக்கு எம்மேல ஆசை வந்துட்டாப்ல மனசுக்குப் படுது. நம்பலாமா?"

"தள்ளவும் வேணாம், அப்படியே நம்பவும் வேணாம். உன் ஆசையே அப்படிக் காட்டலாம். அவங்கிட்ட இன்னா மாறிச்சு? உங்கிட்ட மட்டுமா? அதப் பாரு."

"முன்னல்லாம் தோல் ஊறுற சுண்ணாம்புத் தொட்டி நாத்தத்தோடவேதான் வந்து பேசுவான். ஒரு மாசமா எலுமிச்சம்பழம் தேச்சுக் கை கழுவிட்டு வர்றான்."

தேவகி உலக்கையில் சாய்ந்து சிரிக்கிறாள். "காலைல எங்கிட்ட அதே நாத்தத்தோடதான் வந்தான். ஆனாலும் அவன் வாயால வர்ற வரைக்கும் அது உன் நெனப்புதான். கேட்டுடு."

ஈரக் கைகளோடு ஆதிகேசவன் வருகிறான். "யாருக்காக இந்த எலுமிச்ச?" என்கிறாள் அமிர்தவள்ளி. கயிற்றில் காயும் தோல்கள் காற்றில் தட்டிக்கொள்கின்றன. அவன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளிக்கிறான். காது மடல் சிவக்கிறது. "உனக்காகத்தான்."

அவள் பட்டைக்கறை ஏறிய தன் உள்ளங்கைகளைப் பார்க்கிறாள். பிறகு அவன் முன்னே நீட்டுகிறாள்.

"மிச்சப் பாதிப் பழம் இருந்தா குடு."