ஒரே வாழ்த்து

போன புத்தாண்டில் வாழ்த்துப் படங்கள் வந்து குவிந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவே மூச்சுத் திணறியதால், இந்த முறை மங்கையர்க்கரசி ஒரு விதி வைத்தாள். அவள் ஒரே ஒரு வாழ்த்துப் போடுவாள். மற்றவர்கள் எதுவும் எழுதாமல் அதை அழுத்திப் பிடித்து ஓர் இதயம் வைத்தால் போதும். காலையில் எல்லாரும் வைத்துவிட்டார்கள். தனியாக இருக்கும் வேதவல்லி அத்தை மட்டும், “எனக்கு அதெல்லாம் வைக்கத் தெரியாதுடி” என்று போனில் சொன்னாள்.

மத்தியானம் அத்தையிடமிருந்து குழுவில் ஒரு செய்தி வந்தது. “வாசல்ல ஒருத்தன் ரொம்ப நேரமா நிக்கிறான். என் பேரச் சொல்லிக் கூப்பிடுறான். நீங்க யாராச்சும் அனுப்புனீங்களா?”

அதன் அடியில் இதயங்கள் விழத் தொடங்கின. அதுவும் ஒரு வாழ்த்து என்று நினைத்து யாரும் படிக்கவில்லை.

“யாரையும் அனுப்பல. கதவத் தொறக்காதீங்க அத்தை” என்று மங்கை எழுதினாள். அதற்கும் இதயங்கள் வந்தன. அத்தையை அழைத்தாள். மணி முழுதாக அடித்து ஓய்ந்தது.

மறுபடி குழுவைத் திறந்தபோது அவளுடைய செய்தியின் அடியில் புதிதாக இன்னோர் இதயம் ஏறியிருந்தது. யாருடையது என்று தட்டிப் பார்த்தாள். வேதவல்லி அத்தையுடையது.