காசியில் விட்டது

காசி போய்த் திரும்பிய வடிவேலைப் பார்க்க, மூலக்குளத்திலிருந்து நண்பர் கலைவாணன் வந்திருந்தார். அவர் மணிக்கட்டில் காசிக் கயிற்றைக் கட்டி, கங்கைச் செம்பையும் கொடுத்தார் வடிவேல்.

"புடிச்ச காய் ஒண்ணு, பழம் ஒண்ணு விடணுமாமே. நீ எதை விட்ட?"

"பாகற்காய், நாவப்பழம். ஆயுசுக்கும் தொடமாட்டேன்." வடிவேல் முகத்தில் துறவியின் களை.

"உன் சக்கரைக்கு டாக்டர் தினமும் சாப்பிடச் சொன்னதே அதுங்களத்தானே?"

"சாமி முன்னாடி டாக்டர் எம்மாத்திரம்?"

காபியோடு வந்தாள் மனைவி சுலோசனா. "நானும் கூடத்தான் கங்கையில முழுகினேன். உருளைக்கிழங்கையும் மாம்பழத்தையும் விட்டுட்டேன்."

"அது ரெண்டும் இவனுக்கு உயிராச்சேம்மா?"

"அவரு தாராளமா சாப்பிடட்டும்ணா. நான்தான் தொடக்கூடாது. இனிமே நறுக்கறது, வறுக்கறது எல்லாம் அவரே பாத்துக்கணும்."

அடுப்பைப் பற்றவைக்கக்கூடத் தெரியாத வடிவேல், கங்கைச் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.