பெட்டியிலிருந்த ஷூ

மலையேறவென்று எட்டு வருடங்களுக்கு முன் வாங்கி, ஒருநாளும் போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்த ஷூ அது. தோல் புதிதாகவே இருந்ததால் வேதவல்லி நம்பிக் கிளம்பிவிட்டாள். முதல் ஏற்றத்திலேயே குதிகாலுக்கடியில் ஏதோ நொறுங்கியது. திரும்பிப் பார்த்தால் பாதையெங்கும் கறுப்புத் துணுக்குகள். சும்மா கிடந்தே அடிப்பாகத்து ஸ்பாஞ்ச் இற்றுப்போயிருந்தது. சற்று நேரத்தில் வலது அடிப்பாகம் வாயைப் பிளந்து தொங்கியது.

வழிகாட்டி அந்தோணி நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டினான். கயிறு ஈரப்பாறையில் வழுக்கியது, பிறகு உரசி அறுந்தது. அதற்குள் இடது ஷூவும் பிய்ந்துவிட்டது.

“முடியாதுக்கா. கீழ இறங்கிடலாம்.”

“நீ என்கூட வந்துட்டா மத்தவங்க?”

“அவங்களும் இறங்கணும். வழி தெரிஞ்ச வேற ஆள் இல்ல.”

கூட வந்த மற்ற ஐந்து பேரும் மேலே காத்திருந்தார்கள். 

வேதவல்லி ஷூக்களைக் கழற்றினாள். பையிலிருந்த காலுறைகளை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். கூர்க்கல் ஒன்று எல்லாவற்றையும் துளைத்துப் பாதத்தில் இறங்கியது.

“வலிக்கல தம்பி. நடக்கலாம்.”

அந்தோணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சிவந்துவரும் காலுறையைத்தான் பார்த்தான். மேலே ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்தது ஏறவா, இறங்கவா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அடுத்த காலைத் தூக்கி வைத்தாள்.