மறுபடியும் மூன்றுகால் ஓட்டம்

மாடியேறவே மூச்சு வாங்கும் தையல்காரி, வெளியூரில் இருக்கும் அண்ணனோடு பத்து கிலோமீட்டர் ஓடப் போகிறாள் என்றதும் தெருவே வாயைப் பொத்திச் சிரித்தது.

கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் எடுத்த எடுப்பிலேயே வேகமாக ஓடிவிட்டாள். மூன்றாவது கிலோமீட்டரில் விலா பிடித்துக்கொண்டது.

"மெதுவா ஓடு. மூச்சை நீளமா ஊதி விடு," என்றான் அண்ணன்.

"ஸ்கூல் மூணுகால் ஓட்டத்துலயும் இப்படித்தான் அதிகாரம் பண்ணுவே!"

"அப்ப அழுவே, இப்ப திட்டுறே. தேறிட்டே!"

விலா விட்டதும் அவள் வாய் திறந்துகொண்டது. வேகத்தடை, பள்ளம், வளைவு என்று வழியெல்லாம் ஒப்பித்தாள். சும்மா இருந்து பழகாத வாய் ஆயிற்றே!

ஏழாவதில் கெண்டைக்கால் கல்லாய் இறுகியது. நடைபாதை விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைக் கீழே அழுத்தி நின்றாள். தசை இளகியது, பயம் போகவில்லை.

"என்னால முடியாதுண்ணே. நீ வேற யார்கூடயாவது போ."

"நீ இல்லாம எப்படிடி போறது?"

"ஐஸ் வைக்காதே," என்று முனகியபடி நொண்டி நொண்டி ஓடினாள்.

ஓட்டத்தை முடித்துவிட்டு மாலையில் அவள் போட்ட பதிவைத் தெருவே படித்தது.

'விலாவும் காலும் மானத்தை வாங்கின. ஏழாவதில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சின்ன வயதில் எங்கள் கால்களைக் கட்டிய அதே சிவப்பு ரிப்பன், இன்று எங்கள் கைகளைக் கட்டியிருந்தது. பார்வை போன பிறகு அண்ணன் ஓடிய முதல் ஓட்டம் இது. நான் நின்றால் அவனும் நிற்க வேண்டும்.'

தெரு மறுபடியும் வாயைப் பொத்திக்கொண்டது. இம்முறை சிரிப்புக்காக அல்ல.