நிறம் எழுதாத கட்டம்

ஆள் போய்ச் சேர்ந்தாச்சு என்று ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே வண்ணக்காரர் முடிவு கட்டிவிட்டார். கவிதைப் படத்தில் மூடிய ஜன்னல் வந்தால் மரணம். காலி நாற்காலி வந்தால் பிரிவு. பறவை வந்தால், எடுத்தவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை என்று அர்த்தம். சினிமாப் படங்களுக்குக் கணினியில் நிறம் கூட்டியே தலை நரைத்தவருக்கு இதுகூடத் தெரியாதா?

பின்னால் சோபாவில் கவிஞரம்மா உட்கார்ந்திருந்தார். எழுதியது, குரல் கொடுத்தது, படம் பிடித்தது எல்லாம் அவரே. அக்கம்பக்கத்தில் விசாரித்து வந்ததாகச் சொல்லி, ஸ்கிரிப்டை நீட்டியிருந்தார். பக்கத்துக்கு மூன்று கட்டம்: குரல், காட்சி, நிறம்.

முதல் பாட்டு ஒலித்தது.

'இன்றும் நீ நீலமாய் இருந்தாய்.
என் தேநீர் ஆறும்வரை பார்த்திருந்தேன்.'

காட்சியில் மூடிய ஜன்னல், அதன் ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சம். முன்னால் மங்கலாக ஒரு வெள்ளைக் கோப்பை. வண்ணக்காரர் அந்தக் கீற்றை மட்டும் தனியாகப் பிரித்து நீலம் ஏற்றினார். சுவரின் நிறத்தை உறிஞ்சி எடுத்தார். கோப்பையைத் தொடவில்லை.

"கோப்பைக்கும் நீலம் அடிக்கலாமே?" என்றார் கவிஞரம்மா.

"வேண்டாம் மேடம். வெள்ளைன்னு ஒண்ணு பக்கத்துல இருந்தாத்தான் கண்ணுக்கு நீலம் நீலமாத் தெரியும். எல்லாத்துக்கும் அடிச்சா கொஞ்ச நேரத்துல பழகிப்போயிடும். அப்புறம் நிறமே இல்லாத மாதிரிதான்."

சொன்ன பிறகு அவருக்கே சுருக்கென்றது. அந்த அறைக்குச் சாம்பல் சுவர், கறுப்புத் துணி அடித்த ஜன்னல். வெளி வெளிச்சம் திரையில் விழக் கூடாது. தொழில் அப்படி. துணியின் கீழ்மூலை ஆணி கழன்று விலகிக் கிடந்தது. அதை அடிக்கக்கூட ஆளில்லை, அவரைத் தவிர. அவருக்கோ சோம்பல்.

இரண்டாம் பாட்டு.

'இன்று சிவந்திருக்கிறாய்.
யார்மேல் கோபமோ? என்மேல் இருக்க வழியில்லை.'

அதே ஜன்னல், அதே கீற்று. நிறக் கட்டத்தில் சிவப்பு. சொல்லோடு சொல்லாக நிறத்தை மாற்றினால் விளம்பரம் மாதிரி இருக்கும் என்று விளக்கி, பாட்டு முடிந்து குரல் மூச்சு வாங்கும் இடைவெளியில் நீலத்தை மெல்லச் சிவப்பாக்கினார். கவிஞரம்மா தலையாட்டினார்.

மூன்றாம் பாட்டு.

'நீ அணைந்து கிடந்த நாட்களில்
இருட்டு என் வீட்டில்தான் இருந்தது.'

ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பார் பாவம், என்று நினைத்துக்கொண்டார். கொடுத்துவைத்த மனுஷன், நினைத்துப் பார்க்க ஒரு ஆள் இருந்திருக்கிறது. போன மாதம் இவர் காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது ஏன் என்று கேட்க நாதியில்லை. கஞ்சி வைத்தவரும் இவரே, நோயாளியும் இவரே. கீற்றைச் சாம்பலாக்கி அணைத்தார்.

இன்னும் ஒரே பாட்டு. அது முடிந்தால் கவிஞரம்மா கிளம்பிவிடுவார். அந்த அறையில் வேறொரு மனிதர் மூச்சு விடும் சத்தம் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! அதனால்தான் அரை நாள் வேலையை நாலு நாளாக இழுத்திருந்தார். கோப்பையின் வெள்ளையை மட்டும் ஏழெட்டுத் தடவை சரிபார்த்தாயிற்று. இனி இழுத்தால் தொழில் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்.

'ஜன்னலே,
இனி உன் நிறத்தை நீயே சொல்.'

நிறக் கட்டம் காலியாக இருந்தது.

"இங்க எழுத விட்டுட்டீங்க மேடம்."

"விடல. அதை அவர்தான் சொல்லணும்."

வண்ணக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வலிக்காமல் எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் உள்ளதையே சொன்னார்.

"போனவர் எப்படி மேடம் சொல்லுவார்? மஞ்சள் வைக்கட்டுமா? எங்கேயோ நல்லா இருக்கார்ங்கற மாதிரி இருக்கும்."

"யார் போனது?"

"உங்க வீட்டுக்காரர்…"

"எனக்குக் கல்யாணமே ஆகல." கவிஞரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "அந்த நிறமெல்லாம் நான் கற்பனை பண்ணி எழுதலைங்க. சாயங்காலமானா என்ன தெரிஞ்சுதோ அதை அப்படியே எழுதி வெச்சேன். உள்ள இருக்கறவர் என்ன வேலை செய்யறார்னு விசாரிச்சப்பதான் புரிஞ்சுது."

வண்ணக்காரர் திரையைப் பார்த்தார். பழக்கமில்லாத ஜன்னல். வெளியிலிருந்து அவர் அதைப் பார்த்ததே இல்லை.

கவிஞரம்மா எழுந்து பக்கத்தில் வந்து நின்றார்.

"துணியை விலக்கிப் பாருங்க, எதிர்ல என் வீடு."