வாதாம் மரத்தின் மேற்குப் பக்கம்

சகாயமேரி டீச்சர் மைக்கைப் பிடித்து வாயைத் திறப்பதற்குள் அவருடைய பிரிவு உபசார உரை முடிந்துவிட்டது. ஆபீஸில் முன்கூட்டியே கொடுத்திருந்த உரையைப் பிள்ளைகள் காதில் மாட்டியிருந்த, எதைக் கேட்டாலும் பதில் சொல்லும் ஏ.ஐ. பொத்தான்கள் சுருக்கிச் சொல்லிவிட்டன: கேள்வி கேளுங்கள், விடாமல் முயலுங்கள். பாதிப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்கள்.

டீச்சருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எழுதிவைத்ததை மடித்துப் போட்டார்.

"நம்ம வாதாம் மரம் வருஷா வருஷம் மேற்குப் பக்கம் மட்டும் ஏன் முதல்ல இலை கொட்டுது? உங்க பொத்தான்கிட்ட கேட்டுச் சொல்லிட்டுப் போங்க."

எல்லாரும் காதைத் தொட்டார்கள். முன்வரிசையில் இருந்த ஆதிரை மிரண்டுபோய்ச் சொன்னாள்: "தெரியாதுங்குது டீச்சர்."

"யாராவது பார்த்துச் சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்! நான் ரொம்ப வருஷமா பார்க்கிறேன். சத்துணவுக் கூடத்துப் புகைன்னு நினைச்சேன். கூடத்தையே வேற இடத்துக்கு மாத்தினாங்க, அப்பவும் கொட்டுச்சு. தண்ணி பத்தலையோன்னு ஒரு வருஷம் அந்தப் பக்கம் மட்டும் ஊத்திப் பார்த்தேன், அப்பவும் கொட்டுச்சு. ரெண்டும் இல்லைன்னு தெரிஞ்சுது, அதுவே லாபம். இன்னையோட நான் போறேன். மரம் இங்கேதான் நிக்கும்."

முதலில் ஆதிரை வெளியே ஓடினாள். அவள் பின்னால் அரங்கமே காலியானது. கைதட்டக்கூட ஆளில்லை. பொன்னாடையோடு டீச்சர் தனியாக நின்றார்.

ஆதிரை மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "டீச்சர், வடக்கே மேல ஒரு கிளையும் மொட்டையா இருக்கே, நீங்க பார்க்கலையா?"

இத்தனை வருஷத்தில் அவர் பார்த்ததே இல்லை. பொன்னாடையை நாற்காலியில் வீசினார்.

"எந்தக் கிளைடி?" என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் ஓடினார்.