முதலில் சொன்னவர்

"மேனகா இளைச்சிருக்கான்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க சித்தி."

வாசலிலேயே சுமலதா இப்படிச் சொன்னது சின்னப்பாப்பாவுக்குச் சுருக்கென்றது. அக்கா பேரனுக்குக் காதுகுத்து என்று பிள்ளைச்சாவடியிலிருந்து பஸ் பிடித்து நெல்லித்தோப்புக்கு வந்திருக்கிறாள். அக்கா மகள் மேனகாவைப் பார்ப்பதற்குள் அக்காவின் மருமகள் இப்படியா வரவேற்பாள்?

உள்ளே உறவுக்காரர்களுக்கும் இதே குறைதான். சுமலதா எல்லோருக்கும் போன் போட்டு இதையே சொல்லியிருக்கிறாளாம்.

"நாத்தனார் அழகாயிட்டா. பொறுக்கல" என்றாள் ஒருத்தி.

சின்னப்பாப்பா நேராகச் சமையற்கட்டுக்குப் போனாள். "நல்ல வார்த்தை சொன்னா உனக்கு என்னம்மா கஷ்டம்?"

சுமலதா அடுப்பைத் தணித்தாள். "மேனகாவே சொல்லச் சொன்னா, அதனால சொல்றேன் சித்தி."

டைபாய்டு வந்து இளைத்திருந்த மேனகாவை யாரோ அழகு என்றார்கள். பிறகு ஆபீசிலும் தெருவிலும் அதே பேச்சு. அப்படியானால் முன்பு அசிங்கமாக இருந்தேனா என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பழையபடி ஆகிவிடுவோமோ என்ற பயத்தில் சோற்றைக் குறைத்தாள். பிறகு சாப்பிட்டதாகச் சொல்லிக் கொட்டினாள். முடி கொட்டியது, தீட்டு நின்றது. அப்போதும் பாராட்டு நிற்கவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரும் மனநல ஆலோசகரும் பார்த்த பிறகு, மூன்று மாதமாகத்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள்.

"இப்பவும் யாராவது இளைச்சேன்னு பாராட்டினா, அன்னைக்குத் தட்டைத் தள்ளி வச்சிடறா. உடம்பு தேறிட்டேன்னாலும் அப்படித்தான்."

சின்னப்பாப்பா இன்னும் கிட்டே வந்தாள். "அப்ப என்னதான் பேசறது?"

"உடம்பை விட்டுட்டு எதை வேணா பேசுங்க. பாத்ததுல சந்தோஷம்னு சொல்லுங்க. வேலை எப்படிப் போவுதுன்னு கேளுங்க. எப்படி இருக்கேன்னு கேட்டுட்டு, அவ பேசினா காது கொடுங்க."

பந்தியில் சின்னப்பாப்பா மேனகாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று கையைப் பிடித்துக்கொண்டாள். வேலையைப் பற்றிக் கேட்டாள். புது மேனேஜர் எல்லோரையும் படுத்தும் பாட்டை மேனகா சொல்லச் சொல்ல இருவரும் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சின்னப்பாப்பா சொல்லவில்லை. அவள் இலையைப் பார்க்கவும் இல்லை. பேச்சுவாக்கில் மேனகா சாம்பார் சாதத்தை முடித்து ரசத்துக்குக் கை காட்டினாள்.

கிளம்பும்போது சின்னப்பாப்பா சுமலதாவைத் தனியே அழைத்தாள். "உன்னைத் தப்பா நெனச்சிட்டேம்மா. காய்ச்சல்ல கெடந்த பொண்ணைப் போய் அழகுன்னு மொதல்ல சொன்னது யாரு?"

"யாரோ ஒருத்தர் சித்தி. எனக்குத் தெரியாது" என்று சொல்லி, பலகாரப் பையைக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாள் சுமலதா.

இது எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டு மேனகா பதில் சொன்ன அன்று, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சுமலதாதான்.

"காய்ச்சல் விட்டதும் எங்க சின்னப்பாப்பா சித்தி பாக்க வந்தாங்க டாக்டர். 'இப்பதான்டி லட்சணமா இருக்கே'ன்னு சொன்னாங்க. அன்னையிலேர்ந்து."